இலவச வைஃபையும் போனில் வி.பி.என்.னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஃபேயில் பக்கத்து மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர் என் கடவுச்சொல்லைத் திருடிவிட முடியுமா?

இதே கேள்வியை 2010-இல் கேட்டிருந்தால் தயங்காமல் ‘முடியும்’ என்றிருப்பேன். அந்த ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க மென்பொருளாளர், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சேர்த்துக்கொள்ளும்படி ஃபயர்ஷீப் என்ற சின்ன நிரல் ஒன்றை வெளியிட்டார். அதை நிறுவிக்கொண்டு கஃபேயில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதே திறந்த வைஃபையில் ஃபேஸ்புக்கோ ட்விட்டரோ பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள் படத்துடன் வரிசையாக வந்து நிற்கும். ஒரு பெயரைச் சொடுக்கினால் அவருடைய கணக்குக்குள்ளேயே நுழைந்துவிடலாம். கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை.

அது எப்படி முடிந்தது? அந்தத் தளங்கள் கடவுச்சொல் தரும் பக்கத்தை மட்டும் குறியாக்கம் செய்தன. உள்ளே நுழைந்த பிறகு, ‘இவர் ஏற்கெனவே நுழைந்தவர்’ என்று அடையாளம் காட்டும் குக்கியை வெட்ட வெளிச்சமாகக் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த அலட்சியத்தை அம்பலப்படுத்தவே பட்லர் அந்த நிரலை வெளியிட்டார். பெரிய தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாப் பக்கங்களையும் குறியாக்கம் செய்து அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாறின. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு, அதற்குத் தேவையான, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்ததும் சிறு தளங்களும் மாறிவிட்டன.

ஆகவே இன்றைக்குப் பக்கத்து மேசைக்காரர் காற்றில் வலை வீசினாலும், நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லோ வாட்ஸ்அப்பில் எழுதும் வரியோ அவருக்குப் புரியும் வடிவில் கிடைக்காது. ‘பொது வைஃபையா, ஐயோ’ என்ற பயம் மட்டும் அந்தப் பழைய காலத்திலிருந்து அப்படியே தங்கிவிட்டது. போனின் தரவு முழுவதையும் மூடிய குழாய் போல ஒரே வழங்கி வழியாக அனுப்பும் வி.பி.என். சேவைகளின் விளம்பரங்கள் அதற்கு இன்னும் தீனி போடுகின்றன. ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அது காற்றிலிருந்து உங்கள் திரைக்கு இடம் மாறியிருக்கிறது.

சரி, பக்கத்து மேசைக்காரரை விடுங்கள். வைஃபை கொடுப்பவருக்கு என்ன தெரியும்?

எழும்பூர் நிலையத்தில் இரவு வண்டிக்காகக் காத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 6,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் வைஃபை தருகிறது. போனில் அதன் பெயர் `RailWire` என்று தெரியும். இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து கைப்பேசி எண் கேட்கும், ஓ.டி.பி. வரும், அதைக் கொடுத்தால் நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். இதற்குள் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் யார் என்பது அந்த வலையமைப்புக்குத் தெரிந்துவிட்டது. எண்ணை நீங்களேதான் கொடுத்தீர்கள்.

நம்மவர் முதலில் டிக்கெட்டின் நிலையைப் பார்க்கிறார். பிறகு கொஞ்ச நாளாகத் தன்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு நோயைப் பற்றி ஒரு மருத்துவத் தளத்தில் படிக்கிறார். ஒவ்வொரு முறையும் போன் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில், அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரி என்ன என்று டி.என்.எஸ். வழங்கியிடம் கேட்கிறது. வேறு ஏற்பாடு செய்யாதவரை இந்தக் கேள்வி குறியாக்கம் இல்லாமல்தான் போகும். அடுத்து, தளத்தோடு டி.எல்.எஸ். என்ற பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில் தளத்தின் பெயரை இன்னொரு முறை சொல்கிறது. பெரும்பாலான தளங்களுக்கு அந்தப் பெயரும் திறந்தபடியேதான் போகிறது. அதற்குப் பிறகு வருவது எல்லாம் குறியாக்கத்துக்குள் போய்விடும். வைஃபையை நடத்துபவர் பதிவு செய்து பார்த்தால் ஏறக்குறைய இப்படித் தெரியும்:

```
19:42:07  DNS  www.irctc.co.in
19:42:08  TLS  www.irctc.co.in
19:47:31  DNS  diabetes.example
19:47:31  TLS  diabetes.example
```

எந்த ரயில், எந்தப் பெட்டி, என்ன பெயர், எவ்வளவு பணம் என்பதெல்லாம் இதில் இல்லை. நோயைப் பற்றி எந்தக் கட்டுரையைப் படித்தார் என்பதும் இல்லை. ஆனால் நீரிழிவுத் தளம் ஒன்றுக்கு எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது இருக்கிறது. பலருக்கு இது பொருட்டே இல்லை. வேலை தேடும் தளம், கடன் கொடுக்கும் செயலி, வரன் பார்க்கும் செயலி, எச்.ஐ.வி. பரிசோதனை மையம் என்று நினைத்துப் பார்த்தால் சிலருக்குப் பொருட்டாகலாம்.

வி.பி.என். போட்டால் இந்தப் பட்டியல் எப்படி மாறும்?

இப்படி:

```
19:52:10  UDP  203.0.113.25:51820
19:52:10  UDP  203.0.113.25:51820
```

அவ்வளவுதான். போனிலிருந்து கிளம்பும் எல்லாமே ஒரே முகவரிக்கு, மூடப்பட்ட ஒரே குழாய் வழியாகப் போகின்றன. (முகவரி எடுத்துக்காட்டுக்காக. 51820 என்பது வயர்கார்டு என்ற வி.பி.என். முறை வழக்கமாகப் பயன்படுத்தும் வாயில் எண்.) ‘இவர் வி.பி.என். பயன்படுத்துகிறார், இவ்வளவு தரவு போய்வந்தது’ என்பதற்கு மேல் நிலையத்து வைஃபைக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் அந்தப் பட்டியல் அழிந்துவிடவில்லை. குழாயின் மறுமுனையில் இருக்கும் வி.பி.என். நிறுவனத்தின் கையில் இப்போது அதே பட்டியல் இருக்கிறது: அதே தளப் பெயர்கள், அதே நேரங்கள். வைஃபைக்காரரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். வி.பி.என். பற்றிய எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். யாரை அதிகம் நம்புகிறீர்கள்? எழும்பூரில் வைஃபை நடத்தும் பொதுத்துறை நிறுவனத்தையா, பெயர் தெரியாத கஃபேயின் முதலாளியையா, எங்கோ ஒரு தீவில் பதிவு செய்யப்பட்ட செயலிக்காரரையா?

இலவச வி.பி.என். செயலி போதாதா? பிளே ஸ்டோரில் ஆயிரம் இருக்கின்றனவே.

ஆயிரம் இருப்பதுதான் தொல்லை. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பிளே ஸ்டோரில் கிடைத்த 283 வி.பி.என். செயலிகளை எடுத்துச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 18 சதவீதம், பயனரின் தரவைக் குறியாக்கமே செய்யாமல் அனுப்பின. வி.பி.என். என்று பெயர் வைத்துக்கொண்டு அதன் ஒரே வேலையைச் செய்யவில்லை! பாதுகாப்புக்காக நிறுவும் செயலிகளில் 75 சதவீதத்தில் பயனரைப் பின்தொடரும் மூன்றாம் தரப்பு நிரல்கள் இருந்தன. ஆய்வு பழையதுதான், அந்தச் செயலிகளில் பல இன்று இருக்காது. ஆனால் வழங்கியை இயக்கப் பணம் வேண்டும், நீங்கள் தரவில்லையென்றால் அந்தப் பணம் வேறெங்கிருந்தோ வரத்தான் வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை.

பெரிய நிறுவனமாக இருந்தால் சரியா என்றால், ஒனாவோவைப் பாருங்கள். ‘உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம்’ என்று சொன்ன அந்த வி.பி.என். செயலியை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைப் பயன்படுத்தியது. 2018-இல் ஆப்பிளின் கடையிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது, அடுத்த ஆண்டு மூடியே விட்டார்கள்.

கட்டணச் சேவை ஒன்று தன் இலவசப் பிரிவை வேகத்தையோ நாடுகளின் எண்ணிக்கையையோ குறைத்துத் தருகிறது என்றால் அது வேறு. அங்கே பணம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அப்படித் தெரியாத இலவசச் செயலியை விட, வி.பி.என். இல்லாமல் எச்.டி.டி.பி.எஸ். தளங்களை மட்டும் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

போலி வைஃபை வைத்து ஏமாற்றுவார்கள் என்கிறார்களே, உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது, வழக்காகவே பதிவாகியிருக்கிறது. 2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானம் ஒன்றின் ஊழியர்கள், நடுவானில் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிவதாகப் புகார் செய்தார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறை ஒருவரைப் பிடித்து அவர் கைப்பையைச் சோதித்தபோது கையடக்க வைஃபை கருவி ஒன்று, லேப்டாப் ஒன்று, போன் ஒன்று கிடைத்தன. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் அவர் இதையே செய்தார் என்று குற்றம் சாட்டினார்கள்.

அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட உத்தியில் குறியாக்கத்தை உடைக்கும் வித்தை எதுவும் இல்லை. உண்மையான வைஃபையின் பெயரையே தன் கருவிக்கும் வைத்தார். இணைந்தவர்களின் திரையில் ஒரு நுழைவுப் பக்கம் வந்தது. மின்னஞ்சலையோ சமூக ஊடகக் கணக்கையோ கொடுத்து உள்ளே வரச் சொன்னது. மக்கள் தாங்களாகவே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தார்கள்.

இங்கே வி.பி.என். காப்பாற்றியிருக்குமா? இருக்காது. நுழைவுப் பக்கத்தைக் கடந்து இணையம் கிடைத்த பிறகுதான் வி.பி.என். தன் வழங்கியோடு பேச முடியும். பக்கம் திரையில் வரும் நேரத்தில் அது இன்னும் தொடங்கவே இல்லை. தொடங்கியிருந்தாலும், நீங்களே விரும்பிக் கொடுக்கும் கடவுச்சொல்லைப் பத்திரமாக மூடி, திருடனிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

நுழைவுப் பக்கம் உண்மையா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சின்னம், நிறம், எழுத்து எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் நகலெடுக்கலாம். அது என்ன கேட்கிறது என்பதைப் பாருங்கள். வைஃபை தருவதற்கு ஒருவருக்கு உங்கள் ஜிமெயில் கடவுச்சொல் எதற்கு? யு.பி.ஐ. பின் எதற்கு? கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஓ.டி.பி.யும் நம் ஊரில் வழக்கம். அதற்கு மேல் எந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டாலும் வெளியேறிவிடுங்கள்.

அந்த ஓ.டி.பி.யிலும் ஒரு கண்ணி இருக்கலாம். போலிப் பக்கத்தில் நீங்கள் எண்ணைக் கொடுத்ததும், அதை வைத்திருப்பவர் அதே எண்ணைத் தன் போனில் வாட்ஸ்அப் பதிவுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆறு இலக்கக் குறுஞ்செய்தி வரும். வைஃபைக்கான ஓ.டி.பி. என்று நினைத்துப் பக்கத்தில் போடுவீர்கள். உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். தடுப்பு எளிது: குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், அது எதற்காக வந்தது என்ற வரியையும் படியுங்கள். போன்கள் இப்போது ஓ.டி.பி.யைத் தாமாகவே எடுத்துக் காட்டுவதால் அந்த வரியைப் படிக்கும் பழக்கம் நம்மிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் `Two-step verification` பின் வைத்திருந்தால் ஆறு இலக்கம் போனாலும் கணக்கு போகாது.

நான் இணைக்கவே இல்லை, போன் தானாகப் போய் இணைந்துகொண்டது. எப்படி?

கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் போன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. போன மாதம் ஒரு கஃபேயில் `Free_WiFi` என்ற பெயரில் இணைந்திருந்தால், இந்த மாதம் வேறு ஊரில் யாராவது அதே பெயரில் ஒன்றை வைத்தாலும் பழைய நண்பர் என்று நினைத்துக் கைகொடுக்கும். ஆஸ்திரேலிய வழக்கில் நடந்ததும் இதன் உறவுமுறைதான்.

ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு `Auto-connect` என்பதை அணையுங்கள் (சாம்சங் போனில் `Auto reconnect`). ஐபோனில் `Auto-Join`. இன்னும் நல்லது, கிளம்பும்போது `Forget` கொடுத்துவிடுவது. ஐந்து நொடி வேலை. பொது வைஃபை விஷயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இதைத்தான் சொல்லுவேன், வி.பி.என்.னை அல்ல.

எங்கள் தெருக் கஃபேயில் கடவுச்சொல் இருக்கிறது, பில்லில் அச்சடித்துத் தருகிறார்கள். அப்படியானால் பாதுகாப்பு கூடுதல்தானே?

கொஞ்சம்தான். பில் வாங்கிய அத்தனை பேருக்கும் அதே கடவுச்சொல் தெரியும். பரவலாக உள்ள டபிள்யூ.பி.ஏ.2 முறையில், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் உங்கள் போன் இணையும் கணத்தைப் பிடித்துவிட்டால், வைஃபையின் குறியாக்கத்தை அவிழ்த்துவிடலாம். புதிய டபிள்யூ.பி.ஏ.3 இந்த ஓட்டையை அடைக்கிறது. அவிழ்த்தாலும் உள்ளே எச்.டி.டி.பி.எஸ். இருப்பதால், முன்னே பார்த்த தளப் பெயர்ப் பட்டியலுக்கு மேல் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சின்னக் கடைகளில் என் கவலை வேறு. நான் கடைகளுக்கு ரௌட்டர் பொருத்திக்கொடுத்த காலத்தில், ஒரு கஃபேயில் வைஃபை மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பயனர் பெயரும் `admin`, கடவுச்சொல்லும் `admin`. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மூன்று வருடமாக இருந்திருக்கிறது. காபி குடிக்க வந்த யாரும் உள்ளே போய் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, வங்கியின் பெயரைக் கேட்டால் தன் வழங்கியின் முகவரியைச் சொல்லும்படி செய்திருக்கலாம். முதலாளியிடம் சொன்னேன். ‘யார் சார் அதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள்’ என்றார்.

அப்படி டி.என்.எஸ்.ஸை மாற்றிவிட்டால் வங்கித் தளமே போலியாகத் திறந்துவிடாதா?

திறக்கப் பார்க்கும், ஆனால் முடியாது. போலி வழங்கியால் வங்கியின் பெயருக்கு உரிய சான்றிதழைக் காட்ட முடியாது. உலாவி இப்படி ஓர் எச்சரிக்கையைக் காட்டி நிறுத்திவிடும்:

```
Your connection is not private
NET::ERR_CERT_AUTHORITY_INVALID
```

பொது வைஃபையில் உங்களைக் காப்பாற்றும் கடைசி வேலி இதுதான். `Advanced` என்பதைத் தொட்டு ‘பரவாயில்லை, போ’ என்று தாண்டினீர்களானால் வேலியை நீங்களே பிடுங்கி எறிகிறீர்கள். ‘வைஃபைக்காக இந்தச் சான்றிதழை நிறுவுங்கள்’ என்று எந்தப் பொது இடத்திலாவது கேட்டால், அதற்கும் ஒரே பதில்: வேண்டாம். அதை நிறுவினால் அவர்கள் தரும் போலிச் சான்றிதழ்களை உங்கள் உலாவி உண்மை என்று நம்பத் தொடங்கும்.

ஒரு குழப்பம் மட்டும் இருக்கிறது. நுழைவுப் பக்கத்தை இன்னும் கடக்காத நிலையில் எச்.டி.டி.பி.எஸ். தளம் ஒன்றைத் திறந்தாலும் இதே எச்சரிக்கை வரக்கூடும். வைஃபை உங்களைத் தன் பக்கத்துக்குத் திருப்பப் பார்க்கிறது, உலாவி அதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்தறிய, எச்சரிக்கையை மூடிவிட்டு முகவரிப் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
http://neverssl.com
```

குறியாக்கம் இல்லாமல் வேண்டுமென்றே நடத்தப்படும் தளம் அது. நுழைவுப் பக்கம் பாக்கியிருந்தால் அதற்குப் பதிலாக அந்தப் பக்கம் வந்து நிற்கும். எண்ணைக் கொடுத்து நுழைந்தபின் முந்தைய தளத்தைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை போயிருந்தால் ஒன்றுமில்லை. இணையம் வந்த பிறகும் எச்சரிக்கை தொடர்ந்தால், முதலில் போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் அந்த வைஃபையை `Forget` செய்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடுங்கள்.

ஜிபே, வங்கிச் செயலி எல்லாம் ஸ்டேஷன் வைஃபையில் பயன்படுத்தலாமா? வி.பி.என். போட்டால்தான் பாதுகாப்பா?

பயன்படுத்தலாம். வங்கிச் செயலி தன் வழங்கியின் சான்றிதழைச் சரிபார்த்துத்தான் பேசும். பொருந்தாவிட்டால் ‘தாண்டிப் போ’ என்ற பொத்தானை உங்களுக்குக் காட்டாது, வேலை செய்ய மறுத்துவிடும். யு.பி.ஐ. பதிவு போனில் உள்ள சிம்மோடு பிணைக்கப்பட்டது. எனவே வைஃபையில் ஒட்டுக்கேட்டு உங்கள் பணத்தை எடுப்பது நடக்கிற காரியமில்லை. நம் ஊரில் யு.பி.ஐ. பணம் போவது போனில் பேசி ஏமாற்றுவதாலும், தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவவைப்பதாலும், வாட்ஸ்அப்பில் வரும், தொட்டால் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பாலும். இவற்றில் எதையும் வி.பி.என். தடுக்காது.

வி.பி.என். போட்டால் சிக்கல்கூட வரலாம். வேறு நாட்டு வழங்கி வழியாகப் போனால், ‘சென்னையில் இருந்தவர் திடீரென்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாரே’ என்று வங்கி சந்தேகப்படும். சில செயலிகள் வி.பி.என். ஓடுவதைக் கண்டால் திறக்கவே மறுக்கின்றன. பணம் அனுப்பும் அந்த இரண்டு நிமிடத்துக்கு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அனுப்புங்கள். நானும் அதையே செய்கிறேன், பயத்தால் அல்ல, பாதியில் அறுந்துபோகும் ஸ்டேஷன் வைஃபையில் பணம் போனதா இல்லையா என்று தவிக்கப் பிடிக்காததால்.

அப்படியானால் போனில் வி.பி.என். எப்போதுதான் உதவும்?

எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது வைஃபை நடத்துபவருக்குத் தெரியக் கூடாது என்று உண்மையிலேயே நினைக்கும்போது உதவும். மாதக்கணக்கில் ஒரே விடுதி வைஃபையில் இருப்பவர்களுக்கு இது நிஜமான தேவை. நிலையத்தில் அரை மணி நேரப் பட்டியலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. விடுதியில் ஆறு மாதப் பட்டியலில் ஓர் ஆளின் வாழ்க்கையே தெரியும்.

அலுவலகத்தின் உள் வலையமைப்புக்குள் போக நிறுவனம் தரும் வி.பி.என். வேறு வகை. அது இல்லாமல் உள் வழங்கிகள் தெரியவே தெரியாது என்பதால் அங்கே கேள்விக்கே இடமில்லை.

சில கஃபே வைஃபைகள் சில தளங்களையும் செயலி அழைப்புகளையும் தடுத்து வைத்திருக்கும், அல்லது குறியாக்கமில்லாத பக்கங்களில் தங்கள் விளம்பரத்தைச் செருகும். அங்கேயும் வி.பி.என். வழிவிடும். பழைய செயலியோ வீட்டுக் கேமராவோ எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் பேசுகிறது என்று தெரிந்தால், வெளியிடத்தில் அதற்கும் குழாய் நல்லது.

தளப் பெயர்களை ஓரளவு மறைத்தால் போதும் என்றால், வி.பி.என்.னுக்கு முன் ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள `Private DNS` அமைப்பைப் பாருங்கள். `dns.google` அல்லது `one.one.one.one` என்று கொடுத்தால், பெயரைக் கேட்கும் டி.என்.எஸ். கேள்விகள் குறியாக்கத்துக்குள் போய்விடும். மேலே உள்ள முதல் பட்டியலில் `DNS` வரிகள் மறையும், `TLS` வரிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பாதி மறைவுதான். ஆனால் கஃபே ரௌட்டரில் யாராவது டி.என்.எஸ்.ஸை மாற்றி வைத்திருந்தாலும் உங்கள் போன் அதைக் கேட்காது, அந்த ஆதாயம் முழுசாகக் கிடைக்கும். நுழைவுப் பக்கம் திறக்க மறுத்தால் சற்று நேரம் `Automatic` ஆக்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

வி.பி.என். போட்டதும் திரையின் மேலே சாவிக் குறி தெரிகிறது. வி.பி.என். உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வி.பி.என். இல்லாமல் உலாவியில் ‘என் ஐ.பி. முகவரி’ என்று தேடி வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வி.பி.என். போட்டு மறுபடி பாருங்கள். எண் மாறியிருக்க வேண்டும். சில வி.பி.என்.கள் பழைய வகை முகவரியை மட்டும் மறைத்து, நீளமான ஐ.பி.வி.6 முகவரியைக் கசியவிடும். அதனால் சோதிக்கும் தளம் இரண்டையும் காட்டினால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இணைப்பு நடுவில் அறுந்தால் போன் சத்தமில்லாமல் வெறும் வைஃபைக்குத் திரும்பிவிடும். அதைத் தடுக்க ஆண்ட்ராய்டின் வி.பி.என். அமைப்பில் செயலியின் பல்சக்கரத்துக்குள் `Always-on VPN`, `Block connections without VPN` என்ற இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதைப் போட்டால் நுழைவுப் பக்கம் பல நேரம் திறக்காது. எனவே வரிசை இப்படி: தடுப்பை அணைத்து வைஃபையில் இணைந்து, நுழைவுப் பக்கத்தை முடித்து, வி.பி.என். தொடங்கி, தடுப்பைப் போட்டு, அதற்குப் பிறகு மற்ற செயலிகளைத் திறப்பது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் வி.பி.என். சட்டப்படி சரியா?

பயன்படுத்துவது குற்றமல்ல. சட்டவிரோதமான செயலை வி.பி.என். வழியாகச் செய்தாலும் அது சட்டவிரோதமே. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டுவி.பி.என். ஆகியவை அதை ஏற்காமல் இந்தியாவில் இருந்த தங்கள் வழங்கிகளை எடுத்துவிட்டன. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் வி.பி.என்.னுக்கு இந்த விதி பொருந்தாது.

நேற்று ஒரு கஃபேயின் நுழைவுப் பக்கத்தில் ஜிமெயில் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே கடவுச்சொல் வேறெங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாமும் மாற்ற வேண்டும். பிறகு கூகுள் கணக்கின் `Security` பகுதியில் `Your devices` பட்டியலைப் பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் இப்போதே போடுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியுங்கள்.

பலர் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அமைப்புகளில் `Forwarding and POP/IMAP`, `Filters and Blocked Addresses` என்ற இரண்டு பக்கங்களையும் பாருங்கள். உள்ளே வந்தவர் உங்கள் அஞ்சல்கள் தன் முகவரிக்கும் போகும்படி அங்கே ஒரு வரி எழுதி வைத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். தெரியாத முகவரி இருந்தால் முதலில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் நீக்குங்கள். புகார் கொடுக்கும்போது அந்த முகவரி தேவைப்படும்.